அமெரிக்காவில் வீட்டுக்கல்வி

பள்ளி வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல், பெற்றோரே முழுப் பொறுப்பேற்றுப் படிக்கவைப்பது வீட்டுக்கல்வி. பல நாடுகளில் இது சிறு அளவில் நடக்கிறது. ஜெர்மனியில் ஏறக்குறைய முழுத் தடையே இருக்கிறது. இது ஒரு பேரியக்கமாக வளர்ந்ததும், அதன் விளைவுகள் அதிகமாக ஆராயப்பட்டதும் அமெரிக்காவில்தான்.

அங்கே கட்டாயப் பள்ளிக் கல்விச் சட்டத்தை முதலில் கொண்டுவந்த மாநிலம் மாசசூசெட்ஸ் (1852). கடைசி மாநிலம் மிசிசிப்பி (1918). அதன் பிறகு பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்கவைப்பது பெரும்பாலான இடங்களில் சட்டத்தின் விளிம்பில் நிற்கும் செயலாகிவிட்டது. இந்த நிலையை மாற்ற இரு வேறு திசைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒருவர் ஜான் ஹோல்ட். வகுப்பறையில் ஆசிரியராக இருந்து, பிள்ளைகள் அங்கே பயந்தே தோற்கிறார்கள் என்று கண்டு எழுதியவர். பள்ளியைச் சீர்திருத்த முடியும் என்ற நம்பிக்கை போனபின், 1977இல் பாஸ்டனிலிருந்து ‘குரோயிங் விதவுட் ஸ்கூலிங்’ என்ற இதழைத் தொடங்கினார். பிள்ளையின் ஆர்வம் போகும் வழியில் கற்றலை விடும் ‘அன்ஸ்கூலிங்’ முறை அவர் வழி வந்தது. மறுபுறம் ரேமண்ட், டாரத்தி மூர் தம்பதியர், சின்னஞ்சிறு வயதில் பாடம் திணிப்பது தீங்கு என்று வாதிட்டனர். அவர்கள் எழுத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டவர்கள் கிறித்தவக் குடும்பங்கள். 1980களில் எண்ணிக்கையாலும் சட்டப் போராட்டத்தாலும் இயக்கத்தை நடத்தியது இந்த இரண்டாம் அணியே. 1983இல் அவர்களுக்கென்று ஒரு சட்டப் பாதுகாப்புச் சங்கம் (எச்.எஸ்.எல்.டி.ஏ.) உருவானது. 1993 வாக்கில் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டபூர்வமானது. அரசின் கணிப்பில் 1999இல் சுமார் 8.5 லட்சம் பிள்ளைகள். 2012இல் ஏறத்தாழ 17.7 லட்சம்.

வீட்டில் படித்தவர்கள் கல்வியில் முந்துகிறார்கள் என்ற கூற்றுக்கு ஆதரவாளர்கள் நெடுங்காலம் காட்டியது லாரன்ஸ் ரட்னர் 1999இல் வெளியிட்ட ஆய்வை. அதில் 20,760 மாணவர்களின் தேர்வு முடிவுகள் இருந்தன. நாட்டின் மாணவர் நூறு பேரை மதிப்பெண்படி கீழிருந்து மேலாக நிறுத்தினால், நடுத்தர வீட்டுக்கல்வி மாணவர் எழுபதாவது, எண்பதாவது இடத்தருகே நின்றார். பள்ளி மாணவரின் நடு இடம் ஐம்பது. பார்த்தவுடன் மலைக்கவைக்கும் வித்தியாசம்.

ஆனால் அந்த மாணவர்கள் யார் என்பதையும் கேட்க வேண்டும். பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் என்ற கிறித்தவ நிறுவனத்தின் தேர்வுச் சேவையைத் தாமாகக் கட்டணம் கட்டிப் பயன்படுத்திய குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். பெரும்பாலும் வெள்ளையர், ஏறக்குறைய எல்லாரும் தாய் தந்தை சேர்ந்து வாழும் வீட்டினர், பெற்றோரின் படிப்பும் வருமானமும் நாட்டின் சராசரிக்கு மேல். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருந்தாலும் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கக்கூடும். தேர்வு எழுதவே உட்காராத பிள்ளை இந்தக் கணக்கில் வரவே இல்லை. வீட்டுக்கல்வி பள்ளியைவிடச் சிறந்தது என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாதென்று ரட்னரே எழுதினார். அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துப் பரப்பியது நேர்மையல்ல என்றே சொல்ல வேண்டும். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது மேற்சொன்ன சட்டச் சங்கம்.

இதைவிட மிகச் சிறியது, ஆனால் கூடுதல் கவனத்துடன் செய்யப்பட்டது, சாண்ட்ரா மார்ட்டின்-சாங்கும் உடனாளிகளும் கனடாவில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு. ஐந்து முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளில் வீட்டில் படிப்பவர் 37 பேர், பள்ளியில் படிப்பவர் 37 பேர். தேர்வைப் பெற்றோரிடம் விடாமல் ஆய்வாளர்களே பிள்ளைகளுக்குத் தனித்தனியாக நடத்தினார்கள். தாய்மாரிடம் பேசியபோது வீட்டுக்கல்வி ஒரே பொருளல்ல என்பது தெரிந்தது. 25 வீடுகளில் பாடத்திட்டமும் பாடநூலும் நேர ஒழுங்கும் இருந்தன; 12 வீடுகளில் அப்படி எதுவும் பெரிதாக இல்லை. முதல் கூட்டம் பள்ளிப் பிள்ளைகளை முந்தியது. வாசிப்பில் இடைவெளி பெரிது, கணக்கில் சிறிது. குடும்ப வருமானமும் தாயின் படிப்பும் மட்டுமே இதற்குக் காரணமாகத் தெரியவில்லை. இரண்டாம் கூட்டம் பின்தங்கியது. பன்னிரண்டு பேரை வைத்து அன்ஸ்கூலிங்கைத் தீர்த்துக்கட்டிவிட முடியாது. அந்த முறையில் வாசிப்பு தாமதமாகத்தான் வரும் என்று அதன் ஆதரவாளர்கள் சொல்வதைப் பத்து வயதோடு நின்ற ஆய்வால் சோதிக்கவும் முடியாது. ஆயினும், படிப்பை நிர்ணயிப்பது வீடா பள்ளியா என்பதைவிட அங்கே ஒழுங்காக யாராவது சொல்லித்தருகிறார்களா என்பதே என்று இந்த ஆய்வு காட்டுவதை நான் ஏற்கிறேன். வாசிப்பில் வலிமை, கணக்கில் அவ்வளவு இல்லை என்ற போக்கு மற்ற ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டில் புத்தகம் தானாகப் புழங்கும். அல்ஜீப்ராவை யாராவது உட்கார்ந்து விளக்க வேண்டும்.

சமூகப் பழக்கம் பற்றிய கவலைக்குப் பதில் தேடியவர்களில் லாரி ஷையர்ஸ் குறிப்பிடத்தக்கவர். புளோரிடா பல்கலைக்கழகத்துக்கான அவருடைய 1992ஆம் ஆண்டு ஆய்வேட்டில், எட்டிலிருந்து பத்து வயது வரையிலான இரு வகைப் பிள்ளைகளும் எழுபது எழுபது பேர். அவர்களைக் குழுவாக விளையாடவிட்டுப் படம்பிடித்தார்கள். எந்தப் பிள்ளை எங்கே படிக்கிறது என்று தெரியாத பார்வையாளர்கள் அவர்கள் நடத்தையைக் குறித்தார்கள். சண்டை, கூச்சல் போன்ற சிக்கலான நடத்தை வீட்டில் படித்த பிள்ளைகளிடம் குறைவாக இருந்தது. தன்மதிப்பிலும், தன் கருத்தைத் தயங்காமல் சொல்வதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. நாளெல்லாம் பெரியவர்களோடு இருப்பவர்கள் அவர்களின் நடத்தையையே பின்பற்றுகிறார்கள் என்பது ஷையர்ஸின் விளக்கம்.

பொதுவாக இவர்கள் தனித்துக் கிடப்பதும் இல்லை. சில குடும்பங்கள் சேர்ந்து ‘கோ-ஆப்’ அமைத்து, வாரத்தில் ஒருநாள் தேவாலயக் கூடத்திலோ நூலகத்திலோ கூடுகின்றன; ஒரு தாய் வேதியியல் செய்முறை காட்டினால் இன்னொருவர் நாடகம் பழக்குவார். புளோரிடா 1996இல் வீட்டுக்கல்வி மாணவர்களை அரசுப் பள்ளி அணிகளில் சேர அனுமதித்தது. அந்த வழியில் ஆடி வந்த டிம் டீபோ 2007இல் கல்லூரிக் கால்பந்தின் உயரிய ஹைஸ்மன் விருதைப் பெற்றார். ஆனால் கோ-ஆப்பில் சந்திப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மதம், ஒரே நிறம், ஒரே எண்ணம் கொண்டவர்கள். தன்னிலிருந்து மாறுபட்டவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பழகுவதற்கு அது ஈடாகாது. இதைவிடக் கடுமையான குறை ஒன்று உண்டு. அமெரிக்கப் பள்ளி ஆசிரியர், பிள்ளை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகித்தால் புகார் செய்யச் சட்டப்படி கடமைப்பட்டவர். வீட்டிலேயே அடைபட்ட பிள்ளையை அப்படிப் பார்க்கும் கண்கள் இல்லை. வீட்டில் படித்து வளர்ந்தவர்கள் சிலரே 2013இல் ஓர் அமைப்பைத் தொடங்கி, மேற்பார்வை வேண்டுமென்று கேட்டுவருகிறார்கள்.

அந்த மேற்பார்வை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. டெக்சாஸில் தொடக்கத்திலிருந்தே வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் யாருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை. பென்சில்வேனியாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற்றோர் ஆண்டுதோறும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். படித்த நூல்களைப் பெயரோடு அவ்வப்போது எழுதிய பதிவேடும் பிள்ளையின் எழுத்து மாதிரிகளும் வைத்திருக்க வேண்டும். 3, 5, 8ஆம் வகுப்புகளில் தேர்வு உண்டு. ஆண்டிறுதியில் தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் ஏட்டைப் புரட்டிப் பார்த்துப் பிள்ளையிடமும் பேசுகிறார். அவரைத் தேர்ந்தெடுப்பது பெற்றோரே. ஆகவே இது இறுக்கமான காவலல்ல. இருந்தும், குடும்பத்துக்கு வெளியேயுள்ள ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தப் பிள்ளையோடு பேசுகிறார். அக்கறையோடு சொல்லித்தரும் பெற்றோருக்கு இது பெரிய பாரமில்லை. இந்தக் குறைந்த அளவு எல்லா மாநிலங்களிலும் இருக்க வேண்டும்.

2020இல் கொரோனா வந்தபோது, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் கருத்தாய்வில், வீட்டுக்கல்வி தரும் குடும்பங்களின் பங்கு வசந்தகாலத்தில் 5.4 சதவீதமாக இருந்து இலையுதிர்காலத்தில் 11.1 சதவீதமானது. கறுப்பினக் குடும்பங்களில் அது 3.3இலிருந்து 16.1 சதவீதத்துக்கு ஏறியது. தேவாலயத்தைச் சுற்றி அமைந்த பழைய கூட்டமல்ல இது. ரட்னரின் எண்கள் இவர்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.