பெருங்குடலை எடுக்கும் அறுவை பிறந்த கதை

லண்டன் கைஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேன், தீராத மலச்சிக்கலுக்குத் தாம் செய்த அறுவைகளைப் பற்றி 1908-ல் எழுதினார். தேங்கிய மலத்தின் நஞ்சு ரத்தத்தில் கலந்து உடம்பையே கெடுக்கிறது என்பது அவர் நம்பிக்கை. அதனால் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். நஞ்சுக்கு யாராலும் ஆதாரம் காட்ட முடியவில்லை. அந்தக் கொள்கை சரிந்தபோது அறுவையும் ஓரங்கட்டப்பட்டது.

அதற்கு மறுபிறவி கொடுத்தது ஒரு சோதனை. 1969-ல் மருத்துவர் லெனார்ட்-ஜோன்ஸும் சகாக்களும், எக்ஸ்ரேயில் தெரியும் சின்னஞ்சிறு துண்டுகளை விழுங்கவைத்து, குடலின் வேகத்தை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். 20 துண்டுகளை விழுங்கினால், ஐந்தாம் நாளுக்குள் குறைந்தது 16 வெளியேறிவிட வேண்டும். 1986-ல் அவரும் பிரெஸ்டனும், குடல் பார்வைக்கு இயல்பாக இருந்தும் மிக மெதுவாக நகரும் இளம்பெண்களை விவரித்தார்கள். நோய்க்கு இப்போது ஓர் அளவுகோல் இருந்தது.

வைட்ஃபீல்டில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு வாரத்துக்கு ஒருமுறைதான் மலம் போகிறது, எந்த மருந்தும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மலமிளக்கிகளை நிறுத்திவிட்டு இதே சோதனையைச் செய்கிறார்கள். ஐந்தாம் நாள் எக்ஸ்ரேயில் 15 துண்டுகள் பெருங்குடல் முழுக்கச் சிதறிக் கிடந்தால், குடல்தான் மந்தம். எல்லாம் மலக்குடலில் குவிந்து நின்றால், வாசலில்தான் தடை. முக்கும்போது தளரவேண்டிய தசை இறுகுகிறதா என்று அழுத்தச் சோதனையிலும் பலூன் சோதனையிலும் பார்ப்பார்கள். இறுகினால் அதற்குப் பயோஃபீட்பேக் பயிற்சிதான் வைத்தியம், கத்தி அல்ல. இரைப்பையும் சிறுகுடலும்கூட மந்தம் என்றால், பெருங்குடலை எடுத்தும் பலன் குறைவு. இத்தனையும் தாண்டி, எல்லா மருந்தும் தோற்ற சிலரைத்தான் அறுவைக்குப் பரிசீலிக்கிறார்கள்.

வெட்டாமல் சரிசெய்ய முடியாதா? சிறுநீர்ப்பைக்காக உருவான திரிக நரம்புத் தூண்டல் அந்த ஆசையைக் கொடுத்தது. இடுப்பின் பின்னெலும்பிலுள்ள துளை வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, சில வாரம் வெளியிலிருந்து மின்துடிப்புக் கொடுத்துப் பார்ப்பார்கள். குணம் தெரிந்தால் கருவியைப் பிட்டத்துத் தோலடியில் பதிப்பார்கள். தொடக்க ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் கருவி ஓடுகிறதா இல்லையா என்று நோயாளிக்குத் தெரியாமல் நடத்திய சோதனைகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மலம் அடக்க முடியாதவர்களுக்கு நன்கு உதவும் இந்தக் கருவி, மந்தக் குடலுக்கு இன்று வழக்கமான சிகிச்சை அல்ல.

அறுவையில் பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் முனையை மலக்குடலோடு தைக்கிறார்கள். பிறகு நாளுக்கு இரண்டு, மூன்று முறை, சிலருக்கு அதற்கும் மேல், இளகலாகப் போகும். தையல் கசியலாம், பின்னாளில் ஒட்டுதிசுவால் சிறுகுடல் அடைபடலாம். வயிற்றுவலியும் உப்புசமும் நீடிக்கவும் செய்யலாம். ஆகவே வலிதான் முதல் குறை என்று வருபவரிடம் மருத்துவர் தயங்குவார். இந்த அறுவை மலம் போக வழி செய்யும். வலி தீரும் என்று உத்தரவாதம் தராது.