சுவிட்சிடம் கேட்கத் தெரிதல்: கட்டளை வரிக் கல்வி பற்றிய ஒரு மாணவர் கேள்வியை முன்வைத்து

"சார், எல்லா சுவிட்சுக்கும் வெப் பக்கம் வந்துவிட்டது. டிக் போட்டால் வேலை முடிகிறது. பிறகு ஏன் இந்தக் கறுப்புத் திரைக் கட்டளைகளைப் படிக்க வேண்டும்?" ஆய்வக வகுப்பில் ஒரு மாணவர் இப்படிக் கேட்டார். கட்டளை வேகமானது என்றும் தேர்வில் வரும் என்றும் இதற்கு வழக்கமாகப் பதில் சொல்வோம். இரண்டும் எனக்கு நிறைவு தரவில்லை. ஒரு போர்ட்டை மூடித் திறக்கவோ அதற்குப் பெயரிடவோ வெப் பக்கமே எளிது. அமைவைச் செய்து முடிப்பதற்குக் கட்டளை வரி கட்டாயம் என்று நான் வாதிடப் போவதில்லை. சுவிட்ச் உண்மையில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் படித்தறிய அது வேண்டும் என்பதே என் வாதம். சிஸ்கோ கேட்டலிஸ்ட் வகைச் சுவிட்சுகளில் நடந்த ஒரு சிறிய வேலையைக் கொண்டு இதைக் காட்டுகிறேன்.

ஒரு கட்டடத்தில் மூன்று சுவிட்சுகள் வரிசையாக இணைந்திருந்தன: தரைத்தளத்தில் மையச் சுவிட்ச், முதல் மாடியில் ஒன்று, இரண்டாம் மாடியில் ஒன்று. இடையிலுள்ள இணைப்புகள் டிரங்க்குகள். அவற்றில் அலுவலகத்துக்கு விலேன் 10, ஆய்வகத்துக்கு 20, சுவிட்சுகளை நிர்வகிக்க 99 என மூன்று விலேன்கள் ஓடின. இரண்டாம் மாடியில் கண்காணிப்புக் கேமராக்கள் வந்ததால், விலேன் 30-ஐயும் சேர்க்க வேண்டியிருந்தது. வேலையைச் செய்த இளைஞர் தன் இருக்கையிலிருந்தே இரண்டாம் மாடிச் சுவிட்சுக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து, மேல்நோக்கிய போர்ட்டில் இதை இட்டார்:

```
interface GigabitEthernet0/1
 switchport trunk allowed vlan 30
```

திரை உறைந்தது. இந்தக் கட்டளை இருக்கும் பட்டியலோடு 30-ஐச் சேர்க்காது; பழைய பட்டியலை அழித்துவிட்டு 30-ஐ மட்டும் வைக்கும். சேர்ப்பதற்கு `switchport trunk allowed vlan add 30` என்று எழுதியிருக்க வேண்டும். ஒரு சொல் விடுபட்டதில் அலுவலகமும் ஆய்வகமும் அறுந்தன. நிர்வாக விலேன் 99-உம் போனதால் அவர் சுவிட்சையே இழந்தார். போர்ட்டின் விளக்கு மட்டும் பச்சையாகவே எரிந்தது. கம்பி இணைப்பு உயிரோடு இருக்கிறது என்பதைத்தான் அந்த விளக்கு சொல்லும். எந்த விலேன் அதன்மேல் போகிறது என்பதைச் சொல்லாது.

இங்கே மாணவரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. வெப் படிவத்தில் பழைய பட்டியல் கண்முன்னே நிற்கும். அதனோடு 30 என்று சேர்த்திருந்தால் இந்தப் பிழையே நேர்ந்திருக்காது. சேர்ப்பதற்கும் மாற்றி எழுதுவதற்கும் ஏறத்தாழ ஒரே சொற்றொடரை வைத்தது கட்டளை மொழியின் குறை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிழை நடந்த பிறகு வெப் பக்கம் எங்கே இருக்கிறது? அதுவும் விலேன் 99-இல் உள்ள அதே ஐபி முகவரியில்தான். எஸ்எஸ்எச் போன வழியில் அதுவும் போய்விட்டது. எஞ்சியது சுவிட்சின் கன்சோல் போர்ட். வலையமைப்பு எதையும் நம்பாமல், ஒரு கேபிளும் 9600 பாட் வேகமும் இருந்தால் பேசும் வழி அது. அந்த வழியில் கட்டளை வரியைத் தவிர வேறு முகம் இல்லை.

தொலைவிலிருந்து டிரங்க்கைத் தொடுமுன் `reload in 10` என்று இட்டு வைத்திருந்தால், பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானே மறுதொடக்கமாகிச் சேமிக்கப்பட்ட பழைய அமைவோடு எழுந்திருக்கும். வேலை சரியாக முடிந்தால் `reload cancel` போதும். இடையில் யாரும் புதிய அமைவைச் சேமித்துவிடக் கூடாது. மறுதொடக்கத்தின்போது அந்தச் சுவிட்சிலுள்ள எல்லோருக்கும் சில நிமிடம் இணைப்பு அறும். இந்த விலையை அறிந்தே அதைப் பயன்படுத்த வேண்டும்.

இளைஞர் மாடியேறிக் கன்சோல் வழியாகப் பட்டியலைச் சரிசெய்தார். மூன்று சுவிட்சுகளின் டிரங்க்குகளிலும் 30 சேர்ந்தது. மையச் சுவிட்சில் விலேன் 30 கையால் உருவாக்கப்பட்டது. இரண்டாம் மாடியில் கேமரா போர்ட்டை 30-இல் வைத்தபோது அந்த விலேன் அங்கே தானாகவே உருவானது. ஆனாலும் கேமராக்கள் பேசவில்லை. டிரங்க் போர்ட்டின் வெப் பக்கங்களைத் திறந்தால் எல்லா இடத்திலும் 30 இருந்தது. என் வாதத்துக்கு முதன்மையான சான்று இந்த இரண்டாவது சிக்கல்தான். முதல் மாடிச் சுவிட்சில் `show interfaces trunk` இட்டபோது வந்ததன் ஒரு பகுதி இது:

```
Port    Vlans allowed on trunk
Gi0/1   10,20,30,99
Gi0/2   10,20,30,99

Port    Vlans allowed and active in management domain
Gi0/1   10,20,99
Gi0/2   10,20,99
```

முதல் பட்டியல் நாம் எதை அனுமதித்தோம் என்கிறது. இரண்டாவது, அனுமதித்தவற்றில் இந்தச் சுவிட்சில் உண்மையில் இருப்பவை எவை என்கிறது. 30 முதலாவதில் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. அப்படியென்றால் இந்தச் சுவிட்சில் விலேன் 30 உருவாக்கப்படவே இல்லை. நடுவிலிருந்த இதில் கேமரா எதுவும் இல்லாததால் யாருக்கும் அந்த நினைவு வரவில்லை. சுவிட்சுகள் விலேன் பட்டியலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் அங்கே இல்லை. `vlan 30` என்ற ஒரே வரியில் கேமராக்கள் உயிர்பெற்றன.

நாங்கள் பார்த்த வெப் பக்கம் பொய் சொல்லவில்லை. நாம் கேட்டுக்கொண்டதை அது காட்டியது. விலேன் உருவாக்கும் பக்கம் வேறு, டிரங்க் பக்கம் வேறு. இரண்டையும் ஒப்பிடும் வேலை பார்ப்பவர் தலையில் விழுந்தது. `show` கட்டளை அந்த ஒப்பீட்டைத் தானே செய்து, வேண்டுகோளையும் விளைவையும் அடுத்தடுத்து வைக்கிறது. நாளை ஒரு வெப் பக்கம் இதே பட்டியல்களை இதே வரிசையில் காட்டுமானால், அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதுவும் போதும். கட்டளை வரியே தரப்படாமல் மேகக் கணிமை வழியாக நிர்வகிக்கப்படும் சுவிட்சுகளிலும் இந்தப் படிப்புத்தான் கைகொடுக்கும்.

வெப் முகம் என்றைக்கும் திறந்திருக்கும் என்று நம்பியிருக்கவும் முடியாது. சிஸ்கோ 2023 அக்டோபரில் ஐஓஎஸ் எக்ஸ்இ மென்பொருளின் வெப் இடைமுகத்தில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அறிவித்தது. CVE-2023-20198 என்ற எண் கொண்ட அதற்குத் தீவிர மதிப்பீடு 10-க்கு 10. கடவுச்சொல் எதுவும் இல்லாமல், தொலைவிலிருப்பவர் முழு அதிகாரமுள்ள பயனர் கணக்கைக் கருவியில் உருவாக்கிக்கொள்ள அது இடம் கொடுத்தது. இணையத்தை நோக்கியிருக்கும் கருவிகளில் வெப் சேவையகத்தை அணைக்கும்படி அப்போது சொல்லப்பட்டது. அணைப்பதற்கான வழி, `no ip http server`, `no ip http secure-server` என்ற இரண்டு கட்டளைகள். வெப் பக்கம் மட்டுமே தெரிந்த நிர்வாகிக்கு அந்த வாரம் எப்படிப் போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

ஆகவே பாடத்திட்டத்தில் நான் மாற்ற விரும்புவது ஒன்று. நீண்ட அமைவுக் கட்டளைகளை மனப்பாடமாக எழுதச் சொல்வதைக் குறைக்கலாம். அமைவை மாணவர் வெப் பக்கத்திலேயே செய்யட்டும். பிறகு ஆசிரியர் டிரங்க்கில் ஓரிடத்தைக் கெடுத்துவிட்டு, `show` கட்டளைகளை மட்டும் கொண்டு காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்ட மாணவருக்கு இதைத்தான் கொடுத்தேன். முதல் இரண்டு பட்டியல்களில் மறைந்ததை எளிதாகக் கண்டுபிடித்தார். அடுத்து, இரண்டு சுவிட்சுகளுக்கிடையே இன்னொரு கேபிளையும் டிரங்க்காகச் செருகி வைத்தேன். `show interfaces trunk` கட்டளையின் கடைசிப் பட்டியல், ஸ்பானிங் ட்ரீ எந்த விலேன்களை உண்மையில் கடந்துபோக விடுகிறது என்பதைச் சொல்லும். புதிய போர்ட்டுக்கு நேரே அங்கே எந்த எண்ணும் இல்லை. அதையும் பழுதென்று எடுத்துக்கொண்டு, ஸ்பானிங் ட்ரீயை நிறுத்தும் பெட்டியை வெப் பக்கத்தில் தேடத் தொடங்கினார். அந்த வெறுமைதான் இரண்டு கேபிள்களும் சேர்ந்து ஒரு சுழற்சியாகி வலையமைப்பையே முடக்கிவிடாமல் காக்கிறது என்று சொல்லி, கையைத் தடுத்தேன். அவர் திரும்பவும் கறுப்புத் திரைக்கு வந்து, `show spanning-tree vlan 30` என்று இட்டு, அந்தப் போர்ட்டுக்கு எதிரே `BLK` என்று எழுதியிருப்பதைத் தானே படித்தார்.