இடைக்கணிப்பு

‘இன்டர்பொலேஷன்’ என்றால் இடைச்செருகல் என்று எழுதுவது இணைய விளையாட்டுக்குப் பொருந்தாது. லத்தீன் மூலத்தில் பழையதை மெருகேற்றுவதைக் குறித்த சொல், பிறகே ஏட்டில் கள்ளப்பாட்டை நுழைப்பதானது. இங்கே நுழைவது கள்ளமல்ல, கணக்கு. வால்வ் நிறுவனத்தின் சோர்ஸ் எஞ்சினில் சர்வர் இயல்பாக நொடிக்கு 20 முறை நிலைத்தகவல் அனுப்பும். அதை அப்படியே காட்டினால் எதிராளி தத்தித் தத்தி நகர்வார். ஆகவே திரை அவரை 100 மில்லிநொடி பின்தங்கியே காட்டுகிறது; ஒரு தகவல் தொலைந்தாலும் முன்னும் பின்னுமாக இரண்டு கையிலிருக்க, இடைநிலையைக் கணித்துவிடலாம். பழைய நிலையைக் காட்டுவது ஏமாற்றல்லவா என்பீர்கள். வருவதை ஊகித்தாலோ, அவர் சட்டெனத் திரும்பும்போது உருவம் வெடுக்கென இடம் மாறும். முன்கணிப்பு நம் பாத்திரத்துக்கே செல்லும், விசையை அழுத்துவது நாமல்லவா? அங்கும் சர்வர் மறுத்தால், பிழையைச் சிறிது சிறிதாகக் கரைக்க வேண்டும். ‘இடைக்கணிப்பு’தான் சரி, ‘எக்ஸ்ட்ராபொலேஷ’னைப் புறக்கணிப்பு என்றுதான் சொல்ல முடியாது!