முகவரியைச் சரிபார்ப்பது யார்? ஓ.டி.பி.யிலிருந்து பாஸ்கீ வரை

கடவுச்சொல்லோடு ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் எண்ணையும் கேட்கும் வழக்கம் பரவத் தொடங்கிய காலத்திலேயே, அந்த எண் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பது துறையறிந்த சிலருக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. பாதுகாப்பு ஆய்வாளர் புரூஸ் ஷ்னையர் 2005இல் எழுதிய சிறு கட்டுரையொன்றில், மோசடிக்காரன் வங்கியின் தளத்தைப் போலவே ஒரு போலித் தளத்தை அமைத்து, வாடிக்கையாளர் அதில் இடுவதையெல்லாம் அந்தக் கணமே உண்மையான தளத்தில் இட்டுவிட்டால், இரண்டாம் சரிபார்ப்பினால் பயன் ஏதும் விளையாது என்று வாதிட்டார். அடுத்த ஆண்டே அது நடந்தது. 2006 ஜூலையில் சிட்டிபேங்கின் வணிக வாடிக்கையாளர்களைக் குறிவைத்து எழுந்த போலிப் பக்கம், பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டுமல்லாமல், வங்கி கொடுத்திருந்த சிறு கருவியில் நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் எண்ணையும் கேட்டு வாங்கியது. அந்தப் பக்கத்தின் சாமர்த்தியம் இன்னொன்றிலும் இருந்தது. சோதித்துப் பார்க்கும் எண்ணத்தோடு ஒருவர் வேண்டுமென்றே தவறான விவரங்களை இட்டால், அவற்றை உண்மையான வங்கித் தளத்தில் சரிபார்த்து, தவறு என்றே அது பதில் சொன்னது. ஆகவே எச்சரிக்கையுள்ளவர்களின் ஐயமும் அங்கே தீர்ந்துபோகும்.

ஃபிஷிங் எனப்படும் இத்தகைய தூண்டில் மோசடியில் பறிபோவது, எண்ணை உருவாக்கும் கருவியும் அன்று, அதை ஏந்திவரும் வழியும் அன்று. எண்ணை எங்கே இடுவது என்று மனிதர் எடுக்கும் முடிவே பறிபோகிறது. கருவியில் தோன்றினாலும் குறுஞ்செய்தியாக வந்தாலும், ஆறு இலக்க எண்ணுக்குள் அது எந்தத் தளத்துக்கு உரியது என்ற குறிப்பு ஏதும் இல்லை. எந்தப் பெட்டியில் இட்டாலும் அது அதே எண்தான். அதைப் பெற்றவர் எவராயினும், காலம் கடக்குமுன் உரிய தளத்தில் இட்டுவிட்டால் கதவு திறந்துவிடும்.

குறுஞ்செய்திக்கு இதற்கு மேலும் சில குறைகள் உண்டு. ஜெர்மனியில் 2017இல் வெளிப்பட்ட மோசடியில், தொலைபேசி நிறுவனங்கள் தமக்குள் அழைப்புகளையும் செய்திகளையும் கைமாற்றிக்கொள்ளப் பயன்படுத்தும் எஸ்.எஸ்.7 என்ற பழைய சமிக்ஞை முறையின் வழியாக, வங்கி அனுப்பிய எண்கள் வேறிடத்துக்குத் திருப்பப்பட்டன. அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், அதே ஆண்டு வெளியிட்ட அடையாளச் சரிபார்ப்பு நெறிமுறையில் தொலைபேசி வலையமைப்பின் வழியே அனுப்பப்படும் எண்ணைக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டே பயன்படுத்தத்தக்க வகையில் சேர்த்தது. ஆயினும் அந்த ஆவணத்தில் கவனத்துக்குரியது வேறொரு விதி: கையால் தட்டச்சிட வேண்டிய எந்த எண்ணையும், அது எவ்வழியே வந்தாலும், போலித் தளத்தை எதிர்த்து நிற்கக்கூடியதாகக் கருதலாகாது என்று அது கூறியது. கையால் இடும்போது, அந்த எண் குறிப்பிட்ட இணைப்போடு கட்டுண்டிருப்பதில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

எண்ணை இணைப்போடு அவ்வாறு கட்டும் வழியைத் தேடிய முயற்சிகளுள் கூகுள் நிறுவனம் தன் ஊழியர்களுக்காக மேற்கொண்டது முதன்மையானது. 2013இல் பொதுவெளியில் அறிமுகமான ஃபிடோ கூட்டமைப்பில் கூகுளும் இணைந்தது. யுபிகோ என்னும் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய யூ2எஃப் முறையைத் தன் பொதுப் பயனர்களுக்கு 2014 அக்டோபரில் திறந்துவிட்டது. கணினியின் யூ.எஸ்.பி. துளையில் செருகி விரலால் தொடப்படும் சிறு கருவியே இதில் பயன்படும் பாதுகாப்புச் சாவி. இம்முறை விரிவடைந்து, வெப்ஆத்ன் என்ற பெயரில் 2019 மார்ச்சில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அதிகாரபூர்வத் தரமாயிற்று. இன்று பாஸ்கீ என்று வழங்குவதும் இதே தரத்தின் மீதுதான் நிற்கிறது. சாவி எந்தப் பொருளுக்குள் இருக்கிறது என்பதே வேறுபாடு.

இதன் செயல்முறையைக் கற்பனையான ஒரு வங்கித் தளத்தைக் கொண்டு விளக்கலாம். bank.example என்ற முகவரியில் வாடிக்கையாளர் தம் கருவியைப் பதிவு செய்யும்போது, அக்கருவி அந்தத் தளத்துக்கென்றே ஒரு சாவி இணையை உருவாக்குகிறது. தனிச் சாவி கருவியில் மறைவாகத் தங்கிவிட, அதன் இணையான பொதுச் சாவி மட்டும் வங்கிக்குச் செல்கிறது. பின்னர் வாடிக்கையாளர் உள்நுழைய வரும்போதெல்லாம், வங்கி முன்பின் தெரியாத ஒரு சீரற்ற எண்தொடரை அனுப்பி, அதன்மீது தனிச் சாவியால் ஒப்பமிட்டுத் தருமாறு கேட்கிறது. வந்த ஒப்பத்தைப் பொதுச் சாவியைக் கொண்டு சரிபார்க்கிறது. இதுவரையிலான கணிதம் 1970களிலிருந்தே அறியப்பட்டது. புதுமை இருப்பது, ஒப்பமிடப்படும் தாளில் உலாவி தானாகவே சேர்க்கும் ஒரு வரியில்தான்:

```
{
  "type": "webauthn.get",
  "challenge": "k3Vd9...",
  "origin": "https://bank.example"
}
```

இறுதி வரியில் உள்ள முகவரியைப் பயனர் இடுவதில்லை, தளமும் சொல்வதில்லை. தான் உண்மையில் எந்த முகவரியோடு இணைந்திருக்கிறதோ அதை உலாவியே எழுதுகிறது. மோசடிக்காரன் bank-login.example என்ற பெயரில் வங்கியின் தோற்றத்தைத் துல்லியமாக நகலெடுத்து வைத்திருக்கிறான் என்று கொண்டால், 2006இல் வெற்றிபெற்ற அதே உத்தி இங்கே அடுத்தடுத்து முட்டுக்கட்டைகளைச் சந்திப்பதைக் காணலாம். உண்மையான வங்கியிடமிருந்து அவன் எண்தொடரைப் பெற்றுத் தன் பக்கத்தின் வழியே வாடிக்கையாளரின் உலாவிக்கு அனுப்பி, bank.example தளத்துக்குரிய சாவியால் ஒப்பமிடுமாறு கேட்டால், கேட்கும் தளத்தின் முகவரி அதற்குள் அடங்காததால் உலாவி SecurityError என்ற பிழையோடு மறுத்துவிடுகிறது. கோரிக்கை கருவி வரை செல்வதே இல்லை. தன் சொந்த முகவரியின் பெயரில் கேட்டால், அந்த முகவரிக்கென்று கருவியில் சாவி ஏதும் இல்லை. புதிதாக ஒன்றைப் பதிவு செய்யுமாறு பயனரை ஏமாற்றினாலும், அந்தச் சாவியின் ஒப்பம் வங்கியிடம் செல்லாது. எப்படியோ ஒப்பம் கிடைத்துவிட்டாலும், அதற்குள் தவறான முகவரி இருக்கும். அதைத் திருத்தினால் ஒப்பமே பொருந்தாமல் போகும். பயனர் முழுமையாக ஏமாந்துவிட்டார், போலிப் பக்கத்தை உண்மையென்றே நம்பி விரலாலும் தொட்டுவிட்டார் என்றாலும் முடிவு மாறுவதில்லை. எச்சரிக்கையாக இருங்கள் என்று ஆண்டுக்கு ஒருமுறை ஊழியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தும் நிறுவனங்கள், தாம் எதை மனிதக் கண்களிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்பதை இந்த இடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

ஓ.டி.பி., பாதுகாப்புச் சாவி ஆகிய இரு முறைகளும் ஏறத்தாழ ஒரே வகைத் தாக்குதலுக்கு ஒரே காலத்தில் உட்பட்ட நிகழ்வு 2022இல் கிடைத்தது. அவ்வாண்டு ஜூலை 20 அன்று கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் ஊழியர்கள் குறைந்தது 76 பேருக்கு, ஒரு நிமிடத்துக்குள், உள்நுழைவுப் பக்கம் ஒன்றுக்கு இட்டுச்செல்லும் குறுஞ்செய்தி வந்தது. அதில் இருந்த cloudflare-okta.com என்ற முகவரி பதிவு செய்யப்பட்டு 40 நிமிடங்கள்கூட ஆகியிருக்கவில்லை. ஆக்டா என்பது அந்நிறுவனம் பயன்படுத்தும் உள்நுழைவுச் சேவை என்பதால் முகவரி நம்பத்தகுந்ததாகவே தோன்றியது. பக்கத்தில் இடப்பட்ட கடவுச்சொல் டெலிகிராம் வழியே உடனுக்குடன் தாக்குவோரை அடைய, அடுத்து ஓ.டி.பி. கேட்கும் பக்கம் தோன்றும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. மூன்று ஊழியர்கள் ஏமாந்து கடவுச்சொல்லை இட்டனர். ஆனால் அங்கே அனைவருக்கும் பாதுகாப்புச் சாவி வழங்கப்பட்டிருந்தது, கேட்பதற்கு ஓ.டி.பி. என்று ஒன்று இல்லை. தாக்குவோர் சரியான கடவுச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைய இயலாமல் நின்றனர்.

ஏறத்தாழ அதே நாட்களில் அதே பாணியிலான குறுஞ்செய்திகள் ட்விலியோ நிறுவனத்தின் ஊழியர்களையும் அடைந்தன. அங்கே தாக்குவோர் உள்ளே புகுந்தனர். ட்விலியோவின் தொழில் பிற நிறுவனங்களுக்காகக் குறுஞ்செய்திகளை அனுப்புவது, அவற்றுள் சரிபார்ப்பு எண்களையும் அனுப்புவது என்பதால், சேதம் அதன் சுவர்களுக்குள் நிற்கவில்லை. அதன் வாடிக்கையாளரான சிக்னல் செயலியின் பயனர்கள் சுமார் 1,900 பேரின் தொலைபேசி எண்களோ, அவர்களுக்கு வந்த சரிபார்ப்பு எண்களோ வெளிப்பட்டிருக்கக்கூடும் என்று சிக்னல் அறிவித்தது. தாக்குவோர் குறிப்பாகத் தேடிய மூன்று எண்களுள் ஒன்றின் கணக்கு வேறொரு கருவியில் மீண்டும் பதிவு செய்யப்பட்டும் இருந்தது. ஓ.டி.பி.யை அனுப்பும் நிறுவனத்துக்குள் தூண்டில் மோசடியின் வழியே நுழைந்து, பிறருடைய ஓ.டி.பி.யை அதன் திரையிலேயே பார்க்க முடிந்தது என்பதுதான் இந்நிகழ்வின் முரண். பின்னர் ட்விலியோவும் தன் ஊழியர்களுக்குப் பாதுகாப்புச் சாவிகளை வழங்க முடிவு செய்தது.

குறுஞ்செய்தியையே முகவரியோடு கட்டிவிடும் முயற்சியும் இடையில் நடந்தது. செய்தியின் கடைசி வரியில் @bank.example #482913 என்ற வடிவில் தளத்தின் பெயரையும் எண்ணையும் சேர்த்து அனுப்பினால், அந்தத் தளத்தில் மட்டும் எண்ணைத் தானாக நிரப்பித் தருமாறு தொலைபேசியைப் பழக்கலாம் என்று ஆப்பிளின் பொறியாளர்கள் 2020இல் முன்மொழிந்தனர். இது நல்ல யோசனைதான். எனினும் தானாக நிரம்பாத எண்ணைப் பயனர் தம் கையாலேயே இட்டுவிடலாம் என்பதால் கதவு பாதிதான் அடைபட்டது. இந்தியாவில் இணைய அட்டைப் பரிவர்த்தனைகளுக்குக் கூடுதல் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009இல் கட்டாயமாக்கியதன் தொடர்ச்சியாக ஓ.டி.பி. அன்றாடச் சொல்லாகிவிட்டது. எண்ணைத் தொலைபேசியிலேயே கேட்டு வாங்கும் மோசடி இங்கே மிகுந்திருக்கையில், திரையில் நிரப்புவதைப் பற்றிய இந்த ஏற்பாடு அதைத் தொடவே தொடாது. வாயால் சொல்லிக் கொடுக்கத்தக்க வடிவில் பாஸ்கீயில் எதுவும் இல்லை.

பாதுகாப்புச் சாவியைத் தனியே விலைகொடுத்து வாங்கவேண்டும். தொலைந்தால் மாற்றுச் சாவியும் வேண்டும். இந்தத் தடையை நீக்குவதற்காக ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் 2022 மே மாதம் ஒன்றாக அறிவித்த ஏற்பாட்டில், தனிச் சாவி தொலைபேசியிலேயே உருவாகி, மறையாக்கப்பட்ட வடிவில் பயனரின் பிற கருவிகளுக்கும் ஒத்திசைக்கப்படுகிறது. விரல்ரேகையோ திரைப்பூட்டு எண்ணோ கொண்டு அது திறக்கப்படுகிறது. வேறொருவரின் கணினியில் உள்நுழைய வேண்டுமானால், அதில் தோன்றும் க்யூஆர் குறியைத் தொலைபேசியால் படிக்கலாம். போலித் தளம் அந்தக் குறியைத் தொலைவிலுள்ள ஒருவருக்குக் காட்டி ஏமாற்றிவிடக்கூடாது என்பதற்காக, கணினியும் தொலைபேசியும் அருகருகே இருப்பதைப் புளூடூத் சமிக்ஞை உறுதிசெய்த பிறகே ஒப்பம் இடப்படுகிறது. ஒத்திசைவுக்கு ஒரு விலையும் உண்டு. வன்பொருள் சாவியிலிருந்து தனிச் சாவியை வெளியே நகலெடுக்க வழி வைக்கப்படவில்லை. ஒத்திசைக்கப்படும் பாஸ்கீயோ, அதைக் காக்கும் மேகக் கணக்கு எவ்வளவு உறுதியோ அவ்வளவே உறுதி. எனவே நிறுவன நிர்வாகிகள், இதழாளர்கள் போன்றோருக்கு வன்பொருள் சாவியே இன்னும் பொருத்தமானது.

இரண்டுக்கும் பொதுவான வரம்புகளும் இருக்கின்றன. உள்நுழைவு முடிந்தபின் உலாவியில் தங்கும் அனுமதிச் சீட்டான குக்கியைத் தீநிரல் ஒன்று கணினியிலிருந்து திருடினால், முறையான ஒப்பத்தோடு தொடங்கிய அமர்வையே திருடன் தொடரலாம். இதைவிட எளிதானது, பாஸ்கீயைச் சுற்றிக்கொண்டு போவது. பாஸ்கீயைப் பதிவு செய்தவருக்கும் பல தளங்கள் வேறு முறையில் உள்நுழைய ஓர் இணைப்பைக் காட்டுகின்றன; அந்த வேறு முறை பலவேளைகளில் குறுஞ்செய்தியே. போலிப் பக்கம் பாஸ்கீயைக் கேட்காமல், அது தற்போது வேலை செய்யவில்லை, குறியீட்டை இடுக என்று காட்டினால் போதும். பயனர் தம் கணக்கின் பாதுகாப்பு அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்து, அங்கே பாஸ்கீயின் கீழே தொலைபேசி எண் இன்னும் உள்நுழைவு முறையாகவோ மீட்பு முறையாகவோ இருந்தால், அந்தக் கணக்கு 2006இன் சிட்டிபேங்க் பக்கத்துக்கு இன்னும் திறந்தே இருக்கிறது என்று அறியலாம். அந்த வரியை நீக்குவதற்குமுன் இரண்டாவது சாவியொன்றைப் பதிவு செய்துகொள்வது அவசியம். இருந்த ஒரே தொலைபேசியும் தொலைந்தால், மோசடிக்காரனோடு சேர்ந்து உரியவரும் வெளியே நிற்க நேரும்.