நினைவகக் காட்சியிலிருந்து களஆய்வு அறிக்கைக்கு: திருப்பூர் குமரன் நினைவகத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இளங்கலை, முதுகலை வரலாற்றுப் பாடத்திட்டங்களில் அருங்காட்சியகம், நினைவகம், ஆவணக் காப்பகம் ஆகியவற்றிற்குச் சென்று அறிக்கை அளிப்பது ஒரு பயிற்சியாக இடம்பெறுகின்றது. அவ்வறிக்கைகள் பெரும்பாலும் பயணக் குறிப்பாகவோ, சுவரில் எழுதியிருப்பதன் நகலாகவோ நின்றுவிடுகின்றன. கண்ட பொருளை வரலாற்றுச் சான்றாக மாற்றும் வழிமுறையை, திருப்பூர் குமரன் நினைவகத்தில் கொடியின் உருவம் என்னும் ஒரே கூற்றை எடுத்துக்கொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: களஆய்வு, திருப்பூர் குமரன், தேசியக் கொடி, இராட்டை, ஆவணக் காப்பகம்

முன்னுரை

சென்னிமலையில் 1904 அக்டோபர் 4 அன்று பிறந்த குமரன், 1932 ஜனவரி 10 அன்று திருப்பூரில் சட்டமறுப்பு ஊர்வலத்தில் காவலர்களின் தடியடிக்கு உள்ளானார். மறுநாள் உயிர் நீத்தார். கொடியைக் கைவிடாது வீழ்ந்தமையால் ‘கொடி காத்த குமரன்’ எனப் போற்றப்படுகின்றார். திருப்பூர்ப் பகுதி மாணவர்களுக்கு எளிதில் சென்றடையத்தக்க வரலாற்றுக் களம் அவரது நினைவகமாகும். எனினும், அங்குச் சென்று திரும்பும் மாணவர் எழுதும் அறிக்கை, குமரனின் வாழ்க்கை வரலாற்றை மீண்டும் ஒருமுறை சொல்வதோடு முடிந்துவிடின், களத்திற்குச் செல்லாமலேயே அதனை எழுதியிருக்கலாம். களம் மட்டுமே தரக்கூடியது எது என்பதே அறிக்கையின் முதல் வினாவாக அமைதல் வேண்டும்.

களக்குறிப்பேட்டின் நான்கு பத்திகள்

களத்தில் எழுதும் குறிப்பேட்டின் பக்கத்தை நான்கு பத்திகளாகப் பிரித்துக்கொள்வது பயன்தரும். முதல் பத்தியில் கண்ணால் கண்டது மட்டும் இடம்பெறும்: பொருள் ஒளிப்படமா, ஓவியமா, சிலையா, அதன் அளவு, இருக்குமிடம், அதில் தென்படும் உருவங்கள். இரண்டாம் பத்தியில் அப்பொருளுக்குக் கீழே எழுதப்பட்டுள்ள விளக்கம் சொல் மாறாமல் படியெடுக்கப்படும். மூன்றாம் பத்தி மாணவரின் ஊகத்திற்கு உரியது. நான்காம் பத்தி களத்தில் வெறுமையாகவே விடப்படும். பின்னர் ஆவணங்களில் சரிபார்த்து நிரப்பப்படும்.

முதல் இரண்டு பத்திகளும் கலந்துவிடுவதே அறிக்கைகளில் மிகுதியாகக் காணப்படும் குறையாகும். ‘குமரன் கொடியுடன் ஊர்வலம் செல்லும் காட்சி’ என்று எழுதுபவர், தாம் கண்டது பிற்கால ஓவியமா, அக்கால ஒளிப்படமா என்பதை மறைத்துவிடுகின்றார். ‘கையில் கொடி ஏந்திய ஆண் உருவம், வண்ண ஓவியம், ஓவியர் பெயரும் ஆண்டும் இல்லை’ என்பதே முதல் பத்திக்குரிய பதிவு. பெயரும் ஆண்டும் இல்லை என்பதும் ஒரு தரவே.

கொடியின் நடுவில் இருப்பது எது?

குமரனைச் சித்திரிக்கும் எந்த ஓவியத்தையும் சிலையையும் காண்பவர் கவனிக்க வேண்டிய இடம் கொடியின் நடுப்பகுதியாகும். காங்கிரசின் பழைய கொடியில் வெள்ளை, பச்சை, சிவப்பு நிறங்களும் இராட்டையும் இருந்தன. 1931 ஆகஸ்டில் காவி, வெள்ளை, பச்சை என நிறங்கள் மாற்றப்பட்டு, நடுவிலுள்ள வெண்பட்டையில் இராட்டை அமைக்கப்பட்டது. இராட்டையின் இடத்தில் அசோகச் சக்கரம் அமைந்த கொடியை அரசியல் நிர்ணய சபை 1947 ஜூலை 22 அன்றுதான் ஏற்றுக்கொண்டது.

ஆகவே, ஓர் ஓவியத்தில் குமரன் கையிலுள்ள கொடியில் அசோகச் சக்கரம் காணப்படின், அவ்வோவியம் 1947 ஜூலைக்கு முந்தையதாக இருக்க இயலாது. அது 1932ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்கான சான்று அன்று. விடுதலை பெற்ற நாடு குமரனை எவ்வாறு நினைவுகூர்ந்தது என்பதற்கான சான்றாகும். இராட்டை காணப்படின், ஓவியர் அக்காலக் கொடியை அறிந்திருந்தார் என்று மட்டுமே கொள்ளலாம். ஓவியத்தின் காலத்தை அது உறுதிசெய்யாது. மேலும், புதிய கொடி ஏற்கப்பட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்த நிலையில், ஊர்வலத்தில் ஏந்தப்பட்டது புதிய கொடியா, பழைய கொடியா என்ற வினாவும் எழுகின்றது. இத்தகைய வினா களத்திலிருந்தே பிறக்கக்கூடியது.

இராட்டைக்குத் திருப்பூரில் தனிப்பொருளும் உண்டு. அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை அந்நாளில் திருப்பூரில் இயங்கியது. கதர் இவ்வூரின் வணிகமாகவும் பிழைப்பாகவும் இருந்தது. பின்னலாடையால் இன்று அறியப்படும் ஊரில், இராட்டை நீங்கிச் சக்கரம் அமைந்த கொடி குமரனின் கையில் தீட்டப்படும்போது, நிகழ்ச்சியின் உள்ளூர்ப் பின்னணியும் படத்திலிருந்து மறைகின்றது. அறிக்கையின் வாதம் இவ்விடத்தில் உருப்பெறலாம்.

நான்காம் பத்தியை நிரப்புதல்

சரிபார்ப்பிற்கு இருவகைச் சான்றுகள் முதன்மையானவை. ஒன்று, அக்கால நாளிதழ்கள். ஜனவரி 10 ஞாயிற்றுக்கிழமை. எனவே ஜனவரி 11 முதல் மாத இறுதிவரையிலான சுதேசமித்திரன், தி இந்து இதழ்களைத் தேடுதல் வேண்டும். காட்சியிலுள்ள செய்தி நறுக்குகளையும் இவ்வாறே சோதிக்கலாம். தினமணி 1934இலும் தினத்தந்தி 1942இலும் தொடங்கப்பட்டவை; அவற்றின் நறுக்கு எதுவும் 1932ஆம் ஆண்டுச் செய்தியாக இருத்தல் இயலாது, நினைவுக் கட்டுரையாகவே இருக்கும்.

மற்றொன்று, அரசு ஆவணங்கள். மாகாண அரசு மாதம் இருமுறை இந்திய அரசுக்கு அனுப்பிய அரசியல் நிலை அறிக்கைகளில், 1932 ஜனவரி முதற்பாதிக்குரியதைப் பார்த்தல் வேண்டும். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடும் மாணவர், ‘திருப்பூர் மாவட்டம்’ என்று தேடினால் ஏதும் கிட்டாது. அம்மாவட்டம் 2009இல்தான் உருவாயிற்று. 1932ஆம் ஆண்டுக் கோப்புகள் கோயம்புத்தூர் மாவட்டத்தின்கீழ் உள்ளன. ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒரே சீராக இல்லாமையால், ஒற்றைப் பகரத்துடனும் இரட்டைப் பகரத்துடனும் தேடுதல் வேண்டும்.

நாளிதழும் அரசு அறிக்கையும் வெவ்வேறு நோக்கில் எழுதப்பட்டவை. காவல்துறைக்கு அது ‘சட்டவிரோதக் கூட்டம்’. தேசிய இதழுக்கு அறப்போர். அரசு அறிக்கையில் கொடி பற்றிய குறிப்பு இல்லையெனில், கொடி இல்லை என்று முடிவுகட்டுதல் தவறு. பார்த்த வரிசை, கோப்பு எண், தேதி எல்லை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ‘இவ்வெல்லைக்குள் குறிப்பு கிட்டவில்லை’ என்று எழுதுவதே முறை.

அறிக்கையின் அமைப்பு

இவ்வாறு திரட்டியதைக் கொண்டு எழுதும் அறிக்கை நினைவகத்தின் வாயிலில் தொடங்கி வரிசையாக அறைகளைச் சுற்றிவர வேண்டியதில்லை. ‘நினைவகக் காட்சிகளில் குமரனின் கொடி எக்காலக் கொடியாகச் சித்திரிக்கப்பட்டுள்ளது?’ என்னும் வினாவில் தொடங்கலாம். அடுத்து, கொடி இடம்பெறும் காட்சிப்பொருள்கள் மட்டும் பட்டியலிடப்பட்டு, ஒவ்வொன்றிற்கும் முதல் இரண்டு பத்திகளின் பதிவு தரப்படும். தொடர்ந்து ஆவணச் சரிபார்ப்பும், அதன் எல்லைகளும், இறுதியில் வினாவிற்கான விடையும் அமையும். வினாவிற்குத் தொடர்பற்ற காட்சிகள், எத்துணைச் சிறப்புடையனவாயினும், பின்னிணைப்பிற்குச் செல்லும்.

முடிவுரை

குமரனின் கொடியில் உள்ள சக்கரம் பிற்காலத்தது என்று காட்டுவது அவரது ஈகத்தைக் குறைப்பதாகாது. 1932இல் அடிபட்டு இறந்த மனிதரையும், 1947க்குப் பின் தேசம் வரைந்துகொண்ட உருவத்தையும் வேறுபடுத்திக் காண அது உதவுகின்றது. முன்னவரைக் குறித்து ஆவணங்களே பேச வேண்டும். பின்னதற்கு நினைவகமே முதன்மைச் சான்று. எந்தப் பொருள் எதற்குச் சான்று என்பதைப் பிரித்துக் காட்டும் அறிக்கையே களஆய்வு அறிக்கை எனத்தகும்.