செருப்புக்குள்ள கல் மாட்டின மாதிரி உறுத்துதா? கழற்றிப் பார்த்தா ஒண்ணும் இல்லையா? காரணம் இந்த நரம்பா இருக்கலாம்!

நடந்துகொண்டிருக்கும்போது ஷூவுக்குள் சின்னக் கல் மாட்டிக்கொண்டது போல உறுத்தும். நின்று, கழற்றி, உதறிப் பார்த்தால் கல்லும் இருக்காது, மண்ணும் இருக்காது. மறுபடி போட்டு நாலு அடி வைத்தால் அதே இடத்தில் அதே கல்!

கால் விரல்களுக்கு நடுவே போகும் நரம்பு தடித்துப்போனால் இப்படி உறுத்தும். இதற்கு 'மார்ட்டன்ஸ் நியூரோமா' என்று பெயர். அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் ஜார்ஜ் மார்ட்டன் 1876-ல் இந்த வலியைப் பற்றி எழுதினார். அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது.

'நியூரோமா' என்றதும் கேன்சர் கட்டியோ என்று பயப்பட வேண்டாம். நரம்பு திரும்பத் திரும்ப நசுங்குவதால் அதைச் சுற்றியுள்ள திசு தடித்துப்போகிறது, அவ்வளவுதான். ஆனால் நசுக்கும் காரணத்தை விலக்காவிட்டால் வலி விடாது.

நரம்பு ஏன் நசுங்குகிறது?

பாதத்தின் முன்பகுதியில் ஐந்து நீள எலும்புகள் இருக்கின்றன. அவற்றின் உருண்டையான முனைகள்தான், விரல்களுக்குச் சற்றுப் பின்னால் தரையில் அழுந்தும் மேட்டுப் பகுதி. இந்த முனைகளை ஒரு தசைநார் குறுக்காகக் கட்டி வைத்திருக்கிறது. விரல்களுக்குப் போகும் நரம்பு அந்தத் தசைநாருக்கு அடியில், இரண்டு எலும்பு முனைகளுக்கு நடுவே நுழைந்து போகிறது.

முன்பக்கம் குறுகலான ஷூவைப் போட்டால் இந்த எலும்பு முனைகள் ஒன்றோடொன்று நெருங்குகின்றன. ஹீல்ஸ் போட்டால் உடம்பு எடை முன்பக்கம் சாய்கிறது. விரல்களும் மேல்நோக்கி மடங்கியே இருக்கும். அப்போது நரம்பு இழுபட்டு, தசைநாரின் விளிம்பில் அழுந்துகிறது. பெண்களுக்கு இது அதிகம் வருவதற்கு இத்தகைய காலணிகளும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

கால் ஆணியா, நரம்பா? எப்படித் தெரியும்?

நம்ம ஊரில் உள்ளங்காலில் உறுத்தினாலே 'கால் ஆணி' என்று சொல்லி பிளாஸ்டர் ஒட்டிவிடுவோம். கால் ஆணி என்றால் தோல் தடித்திருப்பது கண்ணுக்குத் தெரியும், விரலால் தடவினாலும் தெரியும். நரம்புத் தடிப்பில் வெளியே எதுவும் தெரியாது.

பெருவிரலிலிருந்து எண்ணினால் மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவில்தான் இது பெரும்பாலும் வரும். அடுத்தபடியாக இரண்டாவது, மூன்றாவது விரல்களுக்கு நடுவில். கல் உறுத்துவது போன்ற உணர்வோடு எரிச்சலும் இருக்கும். சில நேரம் ஷாக் அடித்த மாதிரி விரல் நுனி வரை சுளீர் என்று ஓடும், பக்கத்துப் பக்கத்து விரல்கள் மரத்துப்போகும். ஷூவைக் கழற்றி அந்த இடத்தைத் தேய்த்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவது முக்கியமான அடையாளம்.

டாக்டர் பாதத்தைப் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டு, விரல் இடுக்குக்குக் கீழே அமுக்கிப் பார்ப்பார். அப்போது 'டிக்' என்று ஒரு அசைவும் வலியும் வரலாம். எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது. எலும்பில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அதை எடுப்பார்கள். தடிப்பைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உதவும்.

முதலில் ஷூவை அளந்து பாருங்க!

ஒரு உதாரணம் வைத்துப் பார்க்கலாம். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் 42 வயதுப் பெண். முன்பக்கம் கூம்பிய 'பெல்லி' ஷூ போடுகிறார். மதியத்துக்கு மேல் வலது காலில் கல் உறுத்தல் ஆரம்பித்துவிடும்.

அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு வெள்ளைத் தாளில் எழுந்து நின்று பாதத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போடுவது. உட்கார்ந்து வரையக் கூடாது, நிற்கும்போதுதான் பாதம் முழுசாக விரியும். அந்தக் கோட்டின் மேல் ஷூவை வைத்துப் பார்க்கிறார். பாதத்தின் அகலமான இடம் 9.5 செ.மீ., ஷூ அதே இடத்தில் 8 செ.மீ.தான். மீதி ஒன்றரை சென்டிமீட்டரை ஷூ தினமும் நசுக்கிச் சரிக்கட்டுகிறது. நரம்புக்கு அங்கே இடம் எப்படி இருக்கும்?

புதிய காலணியில் அவர் பார்க்க வேண்டியவை: முன்பக்கம் அகலமாக, விரல்களை விரித்து அசைக்க இடம் இருக்க வேண்டும். மிக நீளமான விரலுக்கு முன்னால் சுமார் ஒரு செ.மீ. காலியாக இருக்க வேண்டும். ஹீல் தாழ்வாகவும், அடிப்பாகம் மெத்தென்றும் இருக்க வேண்டும். லேஸோ பட்டையோ வைத்துத் தளர்த்த முடிந்தால் நல்லது. சாயங்காலத்துக்குள் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் என்பதால், அந்த நேரத்தில் போய் வாங்குவதே சரி. நீளம் பத்தவில்லை என்று ஒரு சைஸ் பெரிசாக வாங்கினாலும், அகலம் குறுகலாகவே இருந்தால் பலன் இல்லை.

மெல்லிய ரப்பர் செருப்பு அகலமாக இருந்தாலும் அடியில் மெத்தென்று இருக்காது. வீட்டு டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதும் சிலருக்கு வலியைக் கூட்டும்.

பேட் எங்கே வைக்கணும்? இங்கதான் பலர் தப்பு செய்றாங்க!

அடுத்தது மெட்டாடார்சல் பேட். கண்ணீர்த்துளி வடிவில், நடுவில் மேடாக இருக்கும் சின்னத் திண்டு. ஃபெல்ட்டிலும் சிலிக்கான் ஜெல்லிலும் கிடைக்கிறது.

வலிக்கிற இடத்துக்கு நேர் அடியில் மெத்தை வைத்தால் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் அங்கே வைத்தால் நரம்பை இன்னும் அமுக்கும். பேட் உட்கார வேண்டிய இடம் வலிக்குச் சற்றுப் பின்னால், அதாவது எலும்பு முனைகளுக்குப் பின்புறம், குதிகால் பக்கமாக. அங்கிருந்து அது எலும்புகளை லேசாகத் தூக்கி, முனைகளுக்கு இடையே கொஞ்சம் விலகல் கொடுக்கிறது. எடையில் ஒரு பங்கையும் தான் வாங்கிக்கொள்கிறது.

இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வலிக்கும் புள்ளியில் லிப்ஸ்டிக் தடவிக்கொண்டு ஷூவுக்குள் காலை வைத்து நின்றால், உள்ளே இருக்கும் இன்சோலில் கறை ஒட்டும். பேட்டின் அகலமான பக்கம் விரல்களைப் பார்த்து இருக்க, அதன் முன் விளிம்பு கறைக்குச் சற்றுப் பின்னால் வரும்படி ஒட்ட வேண்டும்.

நம் உதாரணத்தில் அந்தப் பெண் முதல் நாள் கறையின் மேலேயே ஒட்டியிருந்தால், மதியத்துக்குள் வலி கூடியிருக்கும். சுமார் ஒரு செ.மீ. பின்னால் தள்ளி ஒட்டினால், நடக்கும்போது நடுப்பாதத்தை யாரோ தாங்கிப் பிடிப்பது போல இருக்கும். வலி கூடினால் முன்னால் வைத்துவிட்டோம் என்று அர்த்தம். எந்த வித்தியாசமும் தெரியாவிட்டால் ரொம்பப் பின்னால் போயிருக்கலாம். சில மில்லிமீட்டர் நகர்த்திப் பார்க்கலாம். முதலில் மெல்லிய பேட், தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் என்று ஆரம்பிப்பது நல்லது. டைட்டான ஷூவுக்குள் பேட் வைத்தால் இருக்கும் இடமும் போய்விடும். அதனால் முதலில் ஷூவை மாற்ற வேண்டும், பேட் அதற்கு அப்புறம்தான்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் தாங்களாகப் பேட் ஒட்டக் கூடாது. அது உரசிப் புண் வந்தாலும் தெரியாமல் போய்விடும். வீக்கம் இருந்தாலும், ஓய்வாக இருக்கும்போதும் வலித்தாலும், எலும்பைத் தொட்டாலே வலித்தாலும் எலும்புக் கீறலோ மூட்டுப் பிரச்னையோ இருக்கலாம். உடனே காட்டுங்கள். இரண்டு பாதமும் சேர்ந்தே மரத்துப்போனால் வேறு நரம்பு பாதிப்பா என்று பார்க்க வேண்டும்.

காலணியும் பேடும் தடித்த நரம்பைக் கரைத்துவிடாது. அழுத்தத்தைக் குறைத்து வலியை அடக்கும், அதுவும் எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் தராது. இரண்டு, மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை என்றால் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அதற்கும் கேட்காவிட்டால் அறுவை சிகிச்சை. நரம்பையே வெட்டி எடுத்தால் அந்த விரல் இடுக்கு நிரந்தரமாக மரத்துப்போகும், சிலருக்கு வெட்டிய முனையிலேயே மறுபடி வலி வரலாம். அதனால்தான் கத்தியைக் கடைசியில் வைத்து, ஷூவையும் பேடையும் முதலில் மாற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள்.