மாற்றுச்சீட்டைப் புதுப்பித்தல் (முதிர்வுக்கு முன்)

மாற்றுச்சீட்டைப் புதுப்பித்தல் என்பது, தவணை நாளில் பணம் கட்ட இயலாத ஏற்பவர், சீட்டை எழுதியவரின் சம்மதத்துடன் பழைய சீட்டை ரத்து செய்துவிட்டு, பிந்தைய தவணை நாளுடன் புதிய சீட்டு ஒன்றை ஏற்றுக்கொள்வதாகும். நீட்டித்த காலத்துக்கு எழுதியவர் கூடுதல் வட்டி கேட்பது வணிக வழக்கம். வட்டியை அப்போதே ரொக்கமாகக் கொடுத்துவிடலாம், அல்லது புதிய சீட்டின் தொகையிலேயே சேர்த்துவிடலாம். தவணைக்கு முன்பே முழுப் பணத்தையும் கட்டித் தள்ளுபடி பெறுவது இதற்கு நேர்மாறான ஏற்பாடு.

தவணை நாள் வரும்வரை காத்திருந்து பணம் கட்டத் தவறினால் சீட்டு மறுக்கப்பட்டதாகிவிடும். பின்னர் நோட்டரி பப்ளிக்கிடம் மறுப்பைப் பதிவு செய்யும் செலவு சேரும், ஏற்பவரின் நாணயமும் கெடும். தவணைக்குச் சில நாள் முன்பே பேசிப் புதுப்பித்துக்கொண்டால் இரண்டும் தவிர்க்கப்படும்.

சட்ட அடிப்படை

இந்தியாவில் மாற்றுச்சீட்டுகள் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்துக்கு உட்பட்டவை. குறித்த காலத்துக்குப் பின் பணம் தரவேண்டிய சீட்டுக்கு அச்சட்டத்தின் 22ஆம் பிரிவு 3 சலுகை நாட்கள் தருகிறது. அந்த மூன்றாம் நாளே முதிர்வு நாள். அது பொது விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்தைய வேலை நாளில் சீட்டு முதிர்ந்ததாகக் கொள்ளவேண்டும்.

புதுப்பித்தல் இரு தரப்பின் உடன்பாடு. ஏற்பவர் கேட்டார் என்பதற்காகக் கால நீட்டிப்பு தர எழுதியவருக்குக் கடமை எதுவுமில்லை. வட்டி விகிதத்தையும் காலத்தையும் பேசித்தான் முடிவு செய்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு

ஈரோட்டு ஜவுளி மொத்த வியாபாரி ஒருவர் மதுரைக் கடைக்காரருக்கு 60,000 ரூபாய்ச் சரக்கு அனுப்பி, 2024 ஜனவரி 5 அன்று 3 மாதத் தவணைக்கு மாற்றுச்சீட்டு எழுதுகிறார் என்று கொள்வோம். கடைக்காரர் அதை ஏற்றுக் கையெழுத்திடுகிறார். 3 மாதம் ஏப்ரல் 5இல் முடிகிறது. சலுகை நாட்களைச் சேர்த்தால் முதிர்வு ஏப்ரல் 8.

முழுத்தொகை கையில் சேராது என்று தெரிந்த கடைக்காரர் ஏப்ரல் 3 அன்றே வியாபாரியிடம் பேசுகிறார். 20,000 ரூபாயை உடனே ரொக்கமாகத் தருவது, மீதி 40,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேர்த்து 2 மாதத் தவணையில் புதிய சீட்டு ஏற்பது என்று முடிவாகிறது. ஏப்ரல் 3 தேதியிட்ட அந்தப் புதிய சீட்டு ஜூன் 6இல் முதிரும்.

இங்கே கவனமாகப் பார்க்கவேண்டியது வட்டிக் காலம். ஏப்ரல் 3 முதல் 8 வரையான நாட்களுக்குக் கடைக்காரருக்குப் பழைய சீட்டின்படியே அவகாசம் இருந்தது. உண்மையில் நீட்டித்த காலம் ஏப்ரல் 8 முதல் ஜூன் 6 வரையான 59 நாட்கள்தான். அதன்படி வட்டி:

40,000 × 12/100 × 59/365 = 775.89, முழு ரூபாயாக 776.

புதிய சீட்டு எழுதிய ஏப்ரல் 3 முதலே கணக்கிட்டால் 64 நாட்களாகி வட்டி ஏறக்குறைய 842 ரூபாயாகும். ஏற்கெனவே கிடைத்த அவகாசத்துக்கு இன்னொரு முறை வட்டி வாங்கியதாக அது முடியும். பாடநூல் கணக்குகளில் முழு 2 மாதத்துக்கு 800 ரூபாய் என்று எடுப்பார்கள். அவற்றில் பெரும்பாலும் முதிர்வு நாளன்றே புதுப்பிப்பதாக வைத்துக்கொள்வதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. எந்த நாளிலிருந்து, எந்த முறையில் வட்டி என்பதைத் தரப்பினர் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வட்டி மீதித் தொகைக்கு மட்டுமே, 60,000 முழுமைக்கும் அல்ல.

கணக்குப் பதிவு

வியாபாரியின் குறிப்பேட்டில் மூன்று பதிவுகள் வரும்.

1. பழைய சீட்டு ரத்து: கடைக்காரர் கணக்கு பற்று 60,000, பெறுதற்குரிய மாற்றுச்சீட்டு கணக்கு வரவு 60,000.
2. வட்டி: கடைக்காரர் கணக்கு பற்று 776, வட்டி கணக்கு வரவு 776.
3. ரொக்கமும் புதிய சீட்டும்: ரொக்கக் கணக்கு பற்று 20,000, பெறுதற்குரிய மாற்றுச்சீட்டு கணக்கு பற்று 40,776, கடைக்காரர் கணக்கு வரவு 60,776.

மூன்றாம் பதிவோடு கடைக்காரர் கணக்கு சமனாகிவிடுகிறது. இனி அவர் தரவேண்டியது புதிய சீட்டின்படி உள்ள தொகை மட்டுமே. கடைக்காரரின் ஏடுகளில் இவையே தலைகீழாக வரும். அவருக்கு வட்டி செலவு, சீட்டு செலுத்துதற்குரியது. வட்டியை ரொக்கமாகவே தந்திருந்தால் புதிய சீட்டு 40,000 ரூபாய்க்கு மட்டும் எழுதப்படும்.

சீட்டு வேறு கைக்குப் போயிருந்தால்

பழைய சீட்டை வியாபாரி வங்கியில் டிஸ்கவுண்ட் செய்து முன்பே பணம் வாங்கியிருக்கலாம். அப்போது சீட்டு வங்கியின் கையில் இருக்கும். எனவே வியாபாரி முதலில் வங்கிக்குப் பணம் கட்டிச் சீட்டைத் திரும்பப் பெறவேண்டும். அதன் பிறகே புதுப்பிக்க முடியும். முதல் பதிவில் பெறுதற்குரிய மாற்றுச்சீட்டுக்குப் பதிலாக வங்கிக் கணக்கை வரவு வைப்பார்கள். கடனுக்கு ஈடாக வேறொரு வியாபாரிக்கு மேலெழுதிக் கொடுத்திருந்தாலும், அவரிடமிருந்து சீட்டை மீட்பதே முதல் வேலை.

தவறுகள் நேரும் இடங்கள்

மிகப் பெரிய ஆபத்து, பழைய சீட்டைக் கையில் வாங்காமல் புதிய சீட்டில் கையெழுத்திடுவது. சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி, முதிர்வு நாளிலோ அதற்குப் பின்போ பணம் கட்டித் தீர்க்கும்வரை சீட்டைக் கைமாற்றலாம். முதிர்வுக்கு முன்பே பேசித் தீர்த்த சீட்டு வெளியே இருந்து, விஷயம் தெரியாமல் விலை கொடுத்து வாங்கிய மூன்றாம் நபரிடம் சேர்ந்தால், அவர் அதன் மேல் பணம் கேட்க முடியும். ஒரே சரக்குக்கு இரண்டு சீட்டுகளின் பாரம் ஏற்பவர் மேல் விழும். பழைய சீட்டைப் பெற்று, ரத்து என்று குறுக்கே எழுதி, கையெழுத்தையும் அடித்த பின்னரே புதியதை ஏற்பது பாதுகாப்பு.

இரண்டாவது, புதிய சீட்டு எழுதாமல் பழைய சீட்டின் தேதியை மட்டும் திருத்துவது. முக்கிய விவரத்தை மாற்றினால், அந்த மாற்றத்துக்குச் சம்மதிக்காத தரப்பினரைப் பொறுத்தவரை சீட்டு செல்லாது என்கிறது 87ஆம் பிரிவு. அதேபோல, கடனுக்கு ஜாமீன் நின்றவரைக் கேட்காமல் கடனாளிக்கு அவகாசம் தருவதாக ஒப்புக்கொண்டால், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி ஜாமீன்தாரர் பொறுப்பிலிருந்து விடுபடுவார். எனவே அவருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்கவேண்டும்.

மூன்றாவது, முத்திரைத்தாள். புதிய சீட்டு தனி ஆவணம். அதற்குத் தனியாக முத்திரை வரி உண்டு. உரிய முத்திரையில்லாத பல ஆவணங்களைப் பின்னர் அபராதம் கட்டிச் சாட்சியமாக ஏற்கச் செய்யலாம். மாற்றுச்சீட்டுக்கு அந்தச் சலுகையை 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம் தரவில்லை. பழையதை ரத்து செய்துவிட்டு முத்திரை குறைந்த புதிய சீட்டை வாங்கிய வியாபாரியால், வழக்கு என்று வந்தால் அதைச் சாட்சியமாகக் காட்ட முடியாமல் போகும்.

புதிய சீட்டும் மறுக்கப்பட்டால்

ஜூன் 6இல் கடைக்காரர் மறுபடி தவறினால், வியாபாரி 40,776 ரூபாயும் மறுப்பைப் பதிவு செய்த செலவும் கேட்கலாம். சீட்டில் வட்டி விகிதம் எதுவும் குறிக்கப்படாவிட்டால், பணம் தந்திருக்கவேண்டிய நாளிலிருந்து ஆண்டுக்கு 18 சதவீதம் என 80ஆம் பிரிவு கூறுகிறது. மீண்டும் புதுப்பிக்க இசைந்தால் அடுத்த வட்டி 40,000க்கு அல்ல, 40,776க்குக் கணக்கிடப்படும். தொகையில் சேர்த்த வட்டி அசலாக மாறிவிடுவதே காரணம். மீண்டும் மீண்டும் புதுப்பிக்க நேரும் ஏற்பவருக்கு, வட்டியை மட்டுமாவது ஒவ்வொரு முறையும் ரொக்கமாகக் கட்டிவிடுவது கடன் வளராமல் காக்கும்.